ஏஐ வரைவை வெளிப்படுத்தும் விதி: எங்கள் நிறுவனத்தில் அது உருவான விதமும் அதற்கு நாங்கள் கொடுத்த விலையும்

கும்பகோணத்தில் இயங்கும் ஒரு சிறு வேளாண் ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வெண்ணாறு, வெட்டாறு பாசனப் பகுதிகளிலும் நாகப்பட்டினக் கடலோரக் கிராமங்களிலும் மண், நீர் மாதிரிகளை எடுத்து, ஆய்வக முடிவுகளோடு பரிந்துரைகளையும் சேர்த்து நிதி வழங்குபவர்களுக்கு அறிக்கையாக அனுப்புவது எங்கள் முதன்மை வேலை. அதோடு விவசாயிகளுக்காக எங்கள் இணையதளத்தில் பருவத்துக்கேற்ற கட்டுரைகளும் எழுதுகிறோம். ஊழியர்கள் ஏஐ கருவிகளைக் கொண்டு வரைவு எழுதினால் அதை எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி தேவைப்பட்டபோது, எங்கள் அளவிலுள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும் வழிகாட்டுதல் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவை பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவினர் எழுதியவை. அவற்றைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போகும் ஒரு தம்பியிடம் என்ன சொல்வது என்பது விளங்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குறுவை அறுவடை முடிந்ததும் எடுத்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் அறிக்கையை, பணிக்கு நிதி வழங்கிய அமைப்பு திருப்பி அனுப்பியது. இரண்டு குறைகளைக் காட்டியிருந்தார்கள். முதலாவது, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்ற வழக்கமான பரிந்துரை, அறிக்கையில் ஏக்கருக்கு 25 கிலோ என்று மாறியிருந்தது. ஏக்கருக்கு 10 கிலோ என்று இருந்திருக்க வேண்டும். விவசாயிகளுக்குப் புரியும்படி ஏக்கரில் மாற்றித் தருமாறு கேட்டபோது, கருவி அலகின் பெயரை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருக்கிறது. இரண்டாவது குறைதான் எங்களை நிலைகுலைய வைத்தது. மண் மாதிரி மட்டும் எடுத்துத் திரும்பிய ஒரு கிராமத்தைப் பற்றி, "விவசாயிகளுடன் நடத்திய குழுக் கலந்துரையாடலில் தெரியவந்தது" என்று ஒரு பத்தி தொடங்கியிருந்தது. அப்படி ஒரு கலந்துரையாடல் நடக்கவே இல்லை. ஆய்வு செய்த அதிகாரி அந்த ஊரின் உழவர் குழுத் தலைவரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறார். அவரும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

இறுதித் தவணையான 1,14,000 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் களத்துக்குப் போய்வந்த வண்டிச் செலவும் ஆட்கூலியும் எங்கள் கையிலிருந்து போயின. சம்பா நடவுக்கான வேலைகள் தொடங்கும் நேரத்தில் களக்குழு முழுவதையும் பழைய அறிக்கைகளைச் சரிபார்க்க உட்கார வைக்க வேண்டியதாயிற்று. பணத்தைவிட அந்த அதிகாரியின் முன் அமர்ந்திருந்த நேரமே எனக்குப் பாரமாக இருந்தது. "நீங்கள் உண்மையில் போன ஊர்கள் எவை என்று முதலில் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார். வெயிலில் வரப்பில் நடந்து எடுத்த மாதிரிகள் எல்லாமே அந்த ஒரு பத்தியால் சந்தேகத்துக்கு உள்ளாயின. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பல இரவுகள் உறக்கமில்லாமல் கழிந்தன.

எங்கள் நிறுவன உரிமையாளர் உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஏஐ கருவியைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறிக்கையிலும் "ஆம்" அல்லது "இல்லை" என்று குறிப்பிட வேண்டும், மறைத்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். அடுத்து வந்த அறிக்கைகள் அனைத்திலும் "இல்லை" என்றே இருந்தது. இதில் வியப்பில்லை. ஏஐ உதவியை ஒப்புக்கொள்பவர் மீதான நம்பிக்கை குறைகிறது என்று அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு 13 சோதனைகளின் வழியாகக் காட்டியது. ஒருவர் தானாகச் சொல்வதைவிட, பிறர் கண்டுபிடித்து வெளிப்படுத்தும்போது நம்பிக்கை இன்னும் அதிகமாகச் சரிகிறது என்பதையும் அதே ஆய்வு குறிப்பிடுகிறது. எங்கள் ஊழியர்கள் இந்த ஆய்வைப் படித்தவர்கள் இல்லை. ஆயினும், "ஆம்" என்று எழுதுபவர் சோம்பேறி என்று கருதப்படுவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆம், இல்லை என்ற கேள்விக்கு இன்னொரு குறையும் உண்டு. எழுத்துப்பிழை திருத்தியவரும், நடக்காத கலந்துரையாடலை உள்ளே நுழைய விட்டவரும் ஒரே "ஆம்" என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை.

அதன்பின் உரிமையாளர், ஏஐ எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டினார். அது எங்களிடம் ஆலோசகராக உள்ள, வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவரின் அறிக்கையைப் பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று காட்டியது. அவர் கணினியில் தட்டச்சு செய்வதே அரிது, கையால் எழுதித்தான் தருவார். "முப்பது வருஷமா இப்படித்தாம்மா ரிப்போர்ட் எழுதுறேன், இப்ப நான் எழுதலைங்குது" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. சீரான அலுவலக ஆங்கிலத்தில் எழுதுபவர்களை இத்தகைய மென்பொருள்கள் எளிதில் தவறாகப் பிடிக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இவை இயந்திர எழுத்து என்று தவறாகக் குறித்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளிக்கொண்டுவந்தார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று கூறி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆகவே விதி எழுதும் எவரும் கண்டறியும் மென்பொருளை அதன் ஆதாரமாக வைக்க வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்வேன். அதற்காகக் கட்டிய சந்தாவைவிட, அந்த ஐயாவின் மனம் ஆறப் பிடித்த காலம் எங்களுக்குப் பெரிய இழப்பு.

இந்த நிலையில்தான் விதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதத் தொடங்குமுன், கலந்துரையாடல் பத்தி இடம்பெற்ற அறிக்கையைத் தயாரித்த தம்பியைத் தனியாக அழைத்து, குற்றம் சாட்டும் நோக்கம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன். "அக்கா, நான் பார்த்ததத் தமிழ்ல கரெக்டா எழுதிடுவேன். அவங்க இங்கிலீஷ்ல நாப்பது பக்கம் கேக்குறாங்க. நோட்டுல இருக்கறத அப்படியே போட்டேன், அதுவா விரிச்சுக் குடுத்துச்சு" என்றார். இந்தப் பதில் எனக்கு முழுப் படத்தையும் காட்டியது. அவர் வேலையைத் தட்டிக்கழிக்கவில்லை. களக்குறிப்பு அரைப்பக்கம், கேட்கப்படும் அறிக்கையோ பல பக்கம். இடையிலுள்ள வெற்றிடத்தைக் கருவி தானாக நிரப்பியிருக்கிறது. அப்படியானால் விதி கேட்க வேண்டிய கேள்வி "பயன்படுத்தினாயா?" என்பதாக இருக்க முடியாது. "குறிப்பில் இல்லாத செய்தி எதுவும் அறிக்கைக்குள் வந்ததா, வந்திருந்தால் அதை யார் எதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் விதி முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான்.

முதலில், கருவி செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்தோம். எத்தனை விழுக்காடு எழுத்து இயந்திரத்துடையது என்று கணக்கிடும் யோசனையை ஆரம்பத்திலேயே கைவிட்டோம். திருத்தித் திருத்தி எழுதிய பத்தியில் அதை அளக்க எந்த வழியும் கிடையாது. எழுத்துப்பிழை, இலக்கணம் திருத்துவது முதல் வகை, அதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. இதற்கும் அறிவிப்புக் கேட்டால் எல்லா அறிக்கையிலும் அந்த வரி வந்து, யாரும் அதைப் படிக்காத நிலை உண்டாகும். ஊழியர் எழுதிய குறிப்பை மொழிபெயர்ப்பது, வரிசைப்படுத்துவது, சுருக்குவது ஆகியவை இரண்டாம் வகை. இதற்குக் கோப்பின் முதல் பக்கத்தில் உள்குறிப்பு வேண்டும். குறிப்பில் இல்லாத வாக்கியங்களைக் கருவி உருவாக்குவது, அதாவது பின்னணி விளக்கம், காரணம் கூறுதல், முடிவுரை போன்றவை, மூன்றாம் வகை. இதற்கு உள்குறிப்போடு வாசகர் காணும் இடத்திலும் ஒரு வரி இருக்க வேண்டும். எந்த வகை என்று ஐயம் எழுந்தால் மேலான வகையாகவே கொள்ள வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். ஏனென்றால் மொழிபெயர்க்கக் கேட்டாலும் கருவி சில வேளைகளில் சேர்த்து எழுதிவிடுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கடலோர ஊர் ஒன்றில் எடுத்த களக்குறிப்பு இவ்வளவுதான்: "6 மா. குறுவை அறுத்தாச்சு. தெற்கு வயலில் உப்புப் பூத்திருக்கு. போர் தண்ணி உவர்ப்புன்னு சொல்றார். தண்ணீர் மாதிரி எடுத்தேன்." ஆய்வக முடிவில் அந்த நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.6 டெசிசீமன்ஸ் என்று இருந்தது. இவற்றிலிருந்து கருவி தந்த வரைவு, 6 ஏக்கர் பரப்பிலும் உவர்த்தன்மை பரவியிருப்பதாகவும், கடல்நீர் உட்புகுந்ததே அதற்குக் காரணம் என்றும், விளைச்சல் கணிசமாகக் குறைந்துவிட்டதாக விவசாயி வருத்தம் தெரிவித்ததாகவும் கூறியது. படிக்க மிக ஒழுங்காக இருந்தது. ஆனால் அதில் நான்கு இடங்களில் உண்மை நழுவியிருந்தது. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், ஆகவே 6 மா என்பது 2 ஏக்கர்தான். உப்புப் பூத்தது தெற்கு வயலில் மட்டும். காரணத்தை அறிய நாங்கள் எந்தச் சோதனையும் செய்யவில்லை, வடிகால் சரியில்லாததாலும் உப்புப் பூக்கலாம். விளைச்சலைப் பற்றி அந்த விவசாயி வாய் திறக்கவே இல்லை. தஞ்சைத் தரணியில் வளர்ந்த எவரும் மாவையும் ஏக்கரையும் குழப்ப மாட்டார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் நல்ல ஆங்கிலத்தில் அச்சடித்ததுபோல் வந்து நிற்கும்போது கண் அதைக் கடந்துபோய்விடுகிறது.

திருத்தியபின் அந்தப் பகுதி, "2 ஏக்கர் (6 மா) நிலத்தின் தெற்கு வயலில் மேற்பரப்பில் உப்புப் படிவு காணப்பட்டது, ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக உள்ளது என்று விவசாயி கூறினார், எடுத்த நீர் மாதிரியின் மின்கடத்துதிறன் 2.6" என்ற பொருளில் சுருங்கியது. கோப்பின் முதல் பக்கத்தில் உள்குறிப்பு இப்படி இருந்தது:

கருவி செய்த வேலை: களக்குறிப்பிலிருந்து ஆங்கில வரைவு, பகுதிகள் 3, 4.
உள்ளிட்டவை: களக்குறிப்பேடு பக்கம் 14 முதல் 19 வரை, பெயரும் கைப்பேசி எண்ணும் நீக்கப்பட்டன.
ஒப்பிட்டது: குறிப்பெடுத்தவர் களக்குறிப்பேட்டுடன், ஒருங்கிணைப்பாளர் ஆய்வக முடிவுத் தாளுடன்.
கருவி சேர்த்து நாங்கள் நீக்கியவை: பரப்பளவு, காரணம், விளைச்சல் குறித்த கூற்று.

இந்த நான்கு வரிகளில் கடைசி வரியே மிகுந்த பயன் தருவது. அதை நிரப்ப வேண்டுமென்றால் வரைவையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் படித்தே ஆக வேண்டும். அந்த வரியில் எப்போதும் "எதுவுமில்லை" என்று எழுதுபவரின் கோப்பை நான் முதலில் எடுத்துப் பார்க்கிறேன், ஏனெனில் கருவி எதையும் சேர்க்காத வரைவைக் காண்பது அரிது. கருவி தந்த முதல் வரைவை அழிக்காமல் கோப்புறையில் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தோம். அது இல்லாவிட்டால் நான்காம் வரியைப் பிறகு யாரும் சோதிக்க முடியாது.

வெளிப்படுத்தினாலும் அனுமதிக்கக் கூடாதவை சில உண்டு என்பதைத் தனியாக எழுதி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் "அறிவித்துவிட்டேனே" என்ற வாதம் எழும். "பார்த்தோம்", "பேசினோம்", "தெரிவித்தார்" என்று முடியும் எந்த வாக்கியத்தையும் குறிப்பேட்டில் ஆதாரம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. உரம், மருந்து அளவுகளைக் கருவியின் வரைவிலிருந்து எடுக்கக் கூடாது, பரிந்துரைக் கையேட்டிலிருந்து ஊழியரே கையால் எழுதி, அலகையும் சேர்த்து இன்னொருவரிடம் காட்ட வேண்டும். விவசாயியின் பெயர், கைப்பேசி எண், பட்டா எண் ஆகியவற்றைக் கருவிக்குள் இடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, மண் மாதிரிக்காக எண்ணைத் தந்தவர் அதை வேறெங்கும் அனுப்ப நமக்கு ஒப்புதல் தரவில்லை. கருவியின் பெயரை ஆசிரியராகப் போடவும் கூடாது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023இல் இதே நிலைப்பாட்டை எடுத்தபோது சொன்ன காரணம் எங்களுக்கும் பொருந்துகிறது: எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது.

வாசகர் காணும் வரியை எப்படி எழுதுவது, எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அமெரிக்காவின் சிநெட் இணையதளம் 2022 இறுதியிலிருந்து கருவி எழுதிய நிதிக் கட்டுரைகளை வெளியிட்டது. எழுதியவர் பெயருள்ள இடத்தில் ஊழியர் குழு என்றிருக்கும், அதைச் சொடுக்கினால்தான் தானியங்கி முறையில் உருவாக்கப்பட்டு ஆசிரியரால் சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பு தெரியும். 2023 ஜனவரியில் விவகாரம் வெடித்தபோது 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டிவந்தது. அதில் எனக்கு முதன்மையாகத் தெரிவது, குறிப்பு மறைவில் இருந்ததைவிட, சரிபார்க்கப்பட்டது என்று அந்தக் குறிப்பு சொன்னதுதான். எங்கள் தளத்திலும் சிறு அளவில் இதுவே நடந்திருந்தது. குறுவை ரகங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ஆடுதுறை 43, கோ 51 ஆகியவற்றோடு சிஆர் 1009 ரகமும் இடம்பெற்றிருந்தது. 110 நாள் அளவில் முடிய வேண்டிய குறுவைக்கு, 155 நாளுக்கு மேல் நிற்கும் சம்பா ரகத்தைச் சொல்வதா? கட்டுரையின் அடியில் "ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டது" என்ற வரி இருக்கத்தான் செய்தது. திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்து, "அது எழுதுச்சு சரி, ஆரு பார்த்தா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தராத வரி வாசகருக்கு உதவாது. இப்போது கட்டுரைத் தலைப்புக்குக் கீழே, எழுதியவர் பெயரோடு, "பின்னணிப் பகுதியின் முதல் வரைவு ஏஐ கருவியால் எழுதப்பட்டது, ரகம், வயது, அளவு ஆகியவற்றைச் சரிபார்த்தவர் இன்னார்" என்று பெயரோடும் பதவியோடும் வருகிறது. யாரும் சரிபார்க்காத கட்டுரைக்கு இந்த வரியை எழுத முடியாது, ஆகவே அது வெளிவருவதும் இல்லை. அறிக்கைகளில் இதே வரி ஆய்வுமுறைப் பகுதியில், மாதிரி எடுத்த முறைக்கு அடுத்ததாக வருகிறது.

விதியை நடைமுறைப்படுத்த, ஐந்து அறிக்கைக்கு ஒன்றை எடுத்து, அதில் பத்து வாக்கியங்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றும் எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்று எழுதியவரிடம் கேட்கிறேன். காட்ட முடியாத வாக்கியம் நீக்கப்படும், அதற்கு மேல் நடவடிக்கை இல்லை. தண்டனை என்பது பொய்யான உள்குறிப்புக்கு மட்டுமே, கருவியைப் பயன்படுத்தியதற்குக் கிடையாது. இதை உரிமையாளர் ஏற்க நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. அவரே எழுதும் முன்மொழிவுகளுக்கும் அதே நான்கு வரிகளை நிரப்ப வேண்டும் என்று கேட்டபோது அவர் சற்று முகம் சுளித்தாலும் செய்தார். அவருடைய கோப்பில் அந்தக் குறிப்பைக் கண்டபிறகுதான் மற்றவர்களும் "இல்லை" என்று எழுதுவதைக் கைவிட்டார்கள். விதிக்கு முன் வெளியான அறிக்கைகளுக்கு, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் தாமாகச் சொல்பவர்கள்மீது கேள்வி இல்லை என்று அறிவித்தோம். அதன் வழியே இன்னும் இரண்டு அறிக்கைகளில் பிழை இருப்பது தெரிந்து, நாங்களே முன்வந்து திருத்தப் பக்கம் அனுப்பினோம். அனுப்பும்போது கை நடுங்கியது. ஆனால் அந்த இரண்டுக்கும் பணம் நிறுத்தப்படவில்லை. இந்த முறைக்கு நேரம் ஆகத்தான் செய்கிறது. கருவியால் மிச்சமான நேரத்தில் பாதியை ஒப்பிடும் வேலை எடுத்துக்கொள்கிறது என்று அறிக்கைக்கான காலக்கெடு பேசும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடுவதுதான் முதலில் கைவிடப்படும்.

நிதி வழங்குபவரிடம் எப்போது சொல்வது என்பதும் விதியில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசுத் துறைக்கு டெலாய்ட் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம் அளித்த, ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக இருந்தது 2025இல் வெளியே வந்தது. திருத்திய பதிப்பில்தான் ஏஐ பயன்பாடு குறிப்பிடப்பட்டது, ஒரு பகுதிப் பணமும் திருப்பித் தரப்பட்டது. பிழை பிடிபட்டபிறகு வரும் அறிவிப்பு, தவற்றை ஒப்புக்கொள்வதாக மட்டுமே படிக்கப்படும். ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே எந்தப் பகுதிகளுக்குக் கருவியைப் பயன்படுத்துவோம், எவற்றுக்கு மாட்டோம் என்று ஒரு பத்தி எழுதிக் கொடுக்கிறோம். சிலர் முழுவதுமாக மறுக்கிறார்கள், அவர்களுக்கு ஆங்கில வரைவையும் ஊழியரே எழுதுவதற்குரிய கூடுதல் நாட்களைக் கேட்டுப் பெறுகிறோம். நாற்பது பக்கம் உண்மையில் தேவையா என்று அந்தப் பேச்சிலேயே கேட்பதும் பயன் தந்தது. ஒரு நிறுவனம் பன்னிரண்டு பக்கமும் அட்டவணைகளும் போதும் என்று ஒப்புக்கொண்டது. கருவி நிரப்ப வேண்டிய வெற்றிடமே அதில் பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

வெளியாட்களாக எழுதித் தரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இப்போது அதே நான்கு வரிகளை நிரப்பினால்தான் கூலிச்சீட்டு அனுமதிக்கப்படுகிறது. இன்னும் தீராமல் இருப்பது குரல் பதிவுகள். களத்தில் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து அதைக் கருவியால் எழுத்தாக்கும்போது, "மா" என்பது விடுபட்டு எண் மட்டும் நிற்பதைப் பலமுறை பார்க்கிறோம். அதனால் எழுத்தாக்கத்தை இரண்டாம் வகையில் சேர்த்து, பரப்பளவையும் அளவுகளையும் மட்டும் வரப்பில் நிற்கும்போதே குறிப்பேட்டில் கையால் எழுதிவிட வேண்டும், ஒலிப்பதிவை அறிக்கை ஏற்கப்படும் வரை அழிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அடுத்த ஜூனில் குறுவைக்கு மேட்டூர் திறக்குமுன் இந்தப் பகுதியை மீண்டும் திருத்த இருக்கிறோம்.